கெட்ட ரிப்போர்ட்டைச் சுருக்கி எழுதும்போது

அப்பாவின் ரிப்போர்ட் கிளிநொச்சியில் கைக்கு வந்துவிட்டது. கனடாவில் இருக்கிற அக்காவுக்குச் சுருக்கமாக எழுத வேண்டும். மென்மையை முதல் வரியிலும் கடைசி வரியிலும் வையுங்கள். நோயின் பெயர், பரவிய இடம், சிகிச்சையால் ஆகக்கூடியது, அடுத்த திகதி, இந்த நான்கிலும் கை வைக்காதீர்கள்.

"அக்கா, கவலையான செய்தி, இருந்து வாசியுங்கோ. அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்து ஏற்றினால் வேகம் குறையலாம், முற்றாகக் குணமாகாது என்று டொக்டர் சொன்னவர். வியாழக்கிழமை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறம். அப்பா இப்ப சாப்பிடுறார், கதைக்கிறார். நான் பக்கத்திலதான் இருக்கிறன்."

கடைசி இரண்டு வரியும் ஆறுதல்தான், ஆனால் உண்மை. "வயிற்றில் சின்னக் கட்டி" என்று எழுதினால் அக்கா பயணத்தைத் தள்ளிப்போடுவார். அது அவருக்குச் செய்யும் பெரிய அநியாயம். டொக்டர் சொன்ன "குறையலாம்" என்பதைக் "குறையும்" ஆக்கவும் கூடாது, அவர் சொல்லாத மாதக்கணக்கை நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. அனுப்ப முன்னர் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒத்துப்பாருங்கள். அப்புறம், அங்கே அக்கா வேலையில் நிற்கிற நேரமா என்பதையும் பார்த்து அனுப்புங்கள்.