பச்சிளங்குழந்தைக்குக் கார் பார்க்கிறீர்களா? குழந்தை இருக்கையோடு ஷோரூமுக்குப் போங்கள்

சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர் காரில் போனால், அவர் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற இருக்கை கட்டாயம். பிறந்த குழந்தைக்கு அது பின்னோக்கிய இருக்கைதான். மோதலில் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் அது சேர்த்துத் தாங்கும். ஆனால் சாய்ந்தே இருப்பதால் முன்சீட்டின் இடத்தையும் அது தின்றுவிடும். அதனால் முதலில் இருக்கையை வாங்குங்கள். காரைப் பிறகு பாருங்கள்.

இருக்கையில் ‘ஆர்129’ என்ற ஐ.நா. பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி குறைந்தது 15 மாதம்வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். எந்தெந்தக் கார்களுக்குத் தங்கள் இருக்கை பொருந்தும் என்ற பட்டியலைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஷோரூமில் கார் சமதரையில் நிற்கட்டும். சரிவில் நின்றால் இருக்கையின் சாய்வுக் குறி தவறாகக் காட்டும். இடப்பக்கப் பின்சீட்டைத் தேர்ந்தெடுங்கள். நடைபாதைப் பக்கமாகவே குழந்தையை இறக்கலாம். சீட்டும் முதுகுச்சாய்வும் சேரும் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருக்கும். இருக்கையின் இரு கொக்கிகளையும் ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அவற்றில் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் பச்சை தெரிய வேண்டும். பிறகு இருக்கையின் முன்புறத் தாங்குகாலைக் காரின் தரையில் அழுந்த ஊன்றுங்கள். சில கார்களில் அந்த இடத்தில் தரைக்கடியில் சாமான் பெட்டி இருக்கும். அதன் மூடிமேல் கால் ஊன்றலாமா என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள்; கூடாது என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கடைசியாக, கொக்கி மாட்டிய இடத்துக்கு அருகே பிடித்து ஆட்டுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குமேல் அசைந்தால் சரியாகப் பொருந்தவில்லை.

இப்போது வீட்டிலேயே உயரமானவரை முன்னால் இடப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கார் உங்களுக்கு ஆகாது. இடம் போதவில்லை என்று குழந்தை இருக்கையை முன்னால் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் அதன் முதுகில் நேராக அறையும். அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது பூட். விளம்பரத்தில் போடும் லிட்டர் கணக்கை நம்பாமல் டேப்பால் அளங்கள். மடித்த தள்ளுவண்டி 90 செ.மீ. நீளம், 60 அகலம், 35 உயரம் என்று வைத்துக்கொள்வோம். பூட்டின் உள்ளே சக்கர மேடுகளுக்கு நடுவே 100 செ.மீ., ஆழம் 70, மேல்தட்டுவரை 45 இருந்தால் குறுக்காகப் படுக்கும். ஆனால் பூட் வாய் 85 செ.மீ.தான் என்றால் நேராக நுழையாது. ஒரு முனையை முதலில் விட்டுச் சாய்த்துத் திருப்ப வேண்டும். இதைக் கடையிலேயே செய்து பாருங்கள். வண்டிக்கு மேல் மிஞ்சுவது 10 செ.மீ.தான். டயாப்பர் பையும் தேக்கா சந்தைப் பைகளும் ஓரத்தில்தான் போக வேண்டும்.

வீவக கார் நிறுத்துமிடத்தில் பக்கத்துக் கார் ஒட்டி நிற்கும்போது, சியென்டா, ஃபிரீட் போன்ற மூன்று வரிசைக் கார்களின் நகர்கதவு பெரும் உதவி. ஆனால் மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் பூட் மிகவும் சுருங்கிவிடும். நிமிர்த்தியும் மடித்தும் இரண்டு முறை அளங்கள். தாத்தா பாட்டியும் உடன் வரும் நாளில் தள்ளுவண்டி எங்கே போகும் என்று தெரிந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.