எதைக் கலைத்துப் போடுவது? பெர்முடேஷன் டெஸ்டில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா ரகம். போன பருவத்தில் நான்கு மரங்களுக்கு மட்டும் காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போட்டிருந்தார். மூடாக்கு போட்ட மரத்தில் காய் எடை கூடியதா என்று பார்க்க, அந்த நான்கிலும் பக்கத்தில் சும்மா விட்ட நான்கிலும் மரத்துக்குப் பத்துக் காய் பறித்து எடை போட்டோம். சித்தப்பா மகன் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறான். இந்த 80 எடைகளை வைத்து பெர்முடேஷன் டெஸ்ட் போட்டுவிட்டு, "அண்ணா, ஆயிரம் தடவை கலைத்தால் இரண்டு மூன்று தடவைதான் இவ்வளவு வித்தியாசம் வருது, மூடாக்கு வேலை செய்யுது"ன்னு சந்தோஷமாகக் காட்டினான்.

தவறு அங்கேதான். இந்த டெஸ்ட் கேட்பது ஒரே கேள்வி: மூடாக்கால் எந்த மாற்றமும் இல்லையென்றால், 'போட்டது', 'போடாதது' என்ற லேபிள்களை மாற்றி ஒட்டினாலும் எடைகள் அப்படியேதான் இருந்திருக்கும், அப்படி மாற்றி ஒட்டும்போது நாம் பார்த்த அளவுக்குச் சராசரி வித்தியாசம் எத்தனை தடவை தானாக வருகிறது? ஆனால் லேபிள் ஒட்டப்பட்டது காய்க்கு இல்லை, மரத்துக்கு. ஒரே மரத்துக் காய்களில் ஐந்து மூடாக்கிலும் ஐந்து வெளியிலும் இருந்திருக்கவே முடியாது. நல்ல மண்ணில் வேர் விட்ட மரம் என்றால் அதன் பத்துக் காயும் சேர்ந்தே கனக்கும். காய் காயாகக் கலைத்தால் அந்தக் கனம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும், கலைத்து வரும் வித்தியாசங்கள் எல்லாம் சின்னதாகிவிடும், நம்முடையது மட்டும் பெரிதாகத் தெரியும். 80 எடை இருந்தாலும் நம்மிடம் இருப்பது 8 மரம்தான்.

சரி, மரத்துக்கு ஒரு சராசரி எடுத்தோம். மூடாக்கு போட்டவை 412, 455, 438, 471 கிராம். போடாதவை 395, 420, 402, 441. சராசரிகள் 444, 414.5, வித்தியாசம் 29.5 கிராம். எட்டு மரத்தில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிதான், அதனால் ரேண்டமாகக் கலைக்கவே தேவையில்லை, எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். எட்டின் கூட்டுத்தொகை மாறாது என்பதால் முதல் நான்கின் கூட்டுத்தொகையை (1776) மட்டும் பார்த்தால் போதும்:

```
from itertools import combinations
w = [412, 455, 438, 471, 395, 420, 402, 441]
s = [sum(c) for c in combinations(w, 4)]
print(len(s), sum(x >= 1776 for x in s))
```

70-ல் 5 வருகிறது. அதாவது 0.071, இந்த விகிதம்தான் பி-மதிப்பு. `>=` என்பதை `>` என்று எழுதினால் நாம் பார்த்த அடுக்கே கணக்கில் விழாது, 4 ஆகிவிடும்; அது கூடாது, ஏனென்றால் நடந்ததும் அந்த 70-ல் ஒன்றுதான்.

அப்புறம் அவன், "கூடும்னுதானே பார்க்கிறோம், ஒரு பக்கம் மட்டும் எண்ணினால் போதாதா?" என்று கேட்டான். எடை போடும் முன்பே அப்படி முடிவு செய்திருந்தால் சரி. எண்களைப் பார்த்த பிறகு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், குறைந்திருந்தால் குறைந்த பக்கத்தை எண்ணியிருப்போம் இல்லையா? எனவே இரு பக்கமும் எண்ண வேண்டும். குழுக்கள் சம அளவு என்பதால் எதிர்ப்பக்கமும் 5. மொத்தம் 10/70, ஏறக்குறைய 0.14. ஆயிரத்துக்கு இரண்டு மூன்று என்று சொன்னது ஏழுக்கு ஒன்றாகிவிட்டது. மூடாக்கு பயன் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது, எட்டு மரத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான். மூன்றுக்கு மூன்று மரம் மட்டும் எடுத்திருந்தால் மொத்தமே 20 வழி, இரு பக்கம் எண்ணினால் 0.1-க்குக் கீழே எந்த எடை வந்தாலும் இறங்காது.

மரம் அதிகமாகி 10,000 தடவை ரேண்டமாகக் கலைக்கும்போது ஒன்றுகூட நம் வித்தியாசத்தைத் தொடவில்லை என்றால் பி-மதிப்பு 0 என்று எழுதிவிடாதீர்கள். நடந்த அடுக்கையும் சேர்த்து (0+1)/(10000+1) என்று எழுத வேண்டும்.

இதையெல்லாம் சரி செய்த பிறகுதான் சித்தப்பாவிடம், ஏன் அந்த நான்கு மரம் என்று கேட்டேன். "கிணத்தோரம் இருக்குப்பா, தழை கொண்டுபோய்க் கொட்ட லேசு" என்றார். கிணற்றோரம் என்றால் அவற்றுக்கு ஈரம் எப்படியும் கூடத்தான். லேபிள் அந்த மரங்களைத் தேடித்தான் போயிருக்கிறது. வேறு மரத்துக்குப் போயிருக்கலாம் என்ற அடிப்படையே இல்லாதபோது எவ்வளவு கவனமாகக் கலைத்தாலும் ஈரத்தையும் மூடாக்கையும் பிரிக்க முடியாது. முதல் கேள்வியாக இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த பருவத்துக்கு, பக்கத்துப் பக்கத்து மரமாக எட்டு ஜோடி குறித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஜோடியிலும் எதற்கு மூடாக்கு என்று காசு சுண்டி முடிவு செய்வோம். அப்போது கலைப்பதும் ஜோடிக்குள் மட்டும்தான், 16 மரத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலைக்கக் கூடாது. ஜோடிக்கு இரண்டு வழி, எட்டு ஜோடிக்கு 256 வழி, அதையும் முழுசாக எண்ணிவிடலாம்.