ஏற்காடு மலைப்பாதையில் 112 அழைத்தால் போன் அனுப்பும் எஸ்எம்எஸ்: படித்துப் பார்ப்போம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் பைக் சறுக்கி விழுந்த ஒருவர் 112-ஐ அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன், சுருக்கமாக ஏஎம்எல், என்ன செய்கிறது?

1. முதலில் செட்டிங்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இந்த வசதியின் பெயர் `Emergency Location Service`, அப்படியே தேடுங்கள். வழக்கமாக ஆன் ஆகித்தான் இருக்கும். தனி ஆப் எதுவும் வேண்டாம்.

2. அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாகவே ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் எழுப்புகிறது. நீங்கள் லொகேஷனை அணைத்து வைத்திருந்தாலும் சரி. சுமார் 20 விநாடிக்குள் கிடைத்ததில் நல்ல இடக்குறிப்பை எடுத்து, பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். சில நாடுகளில் இணையம் வழியாகவும் போகும். அனுப்பிய செய்திகளில் அது தெரியாது.

3. அந்தச் செய்தி இப்படித்தான் இருக்கும் (எண்கள் உதாரணத்துக்கு, கடைசிப் பகுதியை வெட்டியிருக்கிறேன்):

```
A"ML=1;lt=+11.74500;lg=+78.18900;rd=14;
top=20260110093012;lc=90;pm=G;...
```

`lt`, `lg` அட்சரேகை, தீர்க்கரேகை. `top` இடத்தைக் கணித்த நேரம். அது உலகப் பொது நேரத்தில் இருப்பதால் 5.30 மணி கூட்டுங்கள்: மதியம் 3 மணி. வெட்டிய பகுதியில் சிம், போன் அடையாள எண்கள் வரும்.

உயிர்நாடி `rd`, `lc`, `pm` மூன்றும்தான். 14 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஆள் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்பது முதல் இரண்டின் பொருள். `G` என்றால் ஜிபிஎஸ், `W` வைஃபை, `C` செல் டவர். ஏற்காடு ஏரிப் பக்கம் ஓட்டல்கள் நிறைய, அங்கே வைஃபை கைகொடுக்கும். மலைப்பாதையில் அது கிடைக்காது. பாறைச் சுவரும் மரங்களும் வானத்தை மறைத்தால் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும். அப்புறம் மிச்சம் `C`தான். அடிவார டவரை போன் பிடித்திருந்தால் `rd` பல நூறு மீட்டர், சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் போய்விடும்.

4. இது எங்கே எடுபடாது? சிக்னலே இல்லாத வளைவில் ஒன்றும் போகாது. சிம் இல்லாத போனிலிருந்து அவசர அழைப்பு போகலாம், எஸ்எம்எஸ் போகாது. கட்டுப்பாட்டு அறையும் இதைப் பெறும்படி இணைந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆண்ட்ராய்டின் இந்த வசதியை 112-உடன் முழுமையாக இணைத்த முதல் மாநிலம் உத்தரப் பிரதேசம், 2025 கடைசியில்.

5. ஆகவே வாயாலும் சொல்லுங்கள். கொண்டை ஊசியில் மேல் சாலையும் கீழ்ச் சாலையும் ஒட்டியே ஓடும். `rd=40` வந்தால் ஒரே வட்டத்துக்குள் இரண்டும் விழும். மேலே காட்டிய செய்தியில் உயரம் என்ற தகவலே கிடையாது. அதனால் பலகையில் உள்ள வளைவு எண்ணையும், ஏறும்போதா இறங்கும்போதா, அந்த வளைவுக்கு முன்னாலா பின்னாலா என்பதையும் எதிர்முனையில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒன்று, சோதித்துப் பார்க்க 112-ஐ அழைக்காதீர்கள்.