வட்ஸ்அப் விளம்பரம்: கணக்குப் பிழைக்கும் இடங்கள்

மருதமுனைக் கைத்தறிச் சாரியை பேஸ்புக்கில் விளம்பரம் செய்து, வட்ஸ்அப்பில் பேசி விற்கும் கடை ஒன்றை உதாரணத்துக்கு எடுப்போம். இரண்டு விளம்பரங்களுக்கும் தலா 15,000 ரூபா செலவு. முதலாவதில் படம் மட்டும். 150 பேர் மெசேஜ் போட்டார்கள். இரண்டாவதில் விலையும் கூரியர் கட்டணமும் இருந்தன. 60 பேர்தான் வந்தார்கள். ஓர் உரையாடலுக்கு முதலாவதில் 100 ரூபா, இரண்டாவதில் 250. இதைப் பார்த்து இரண்டாவதை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

முதலாவதில் வந்தவர்களில் பலர் விலை கேட்டதோடு போய்விட்டார்கள். ஓடர் 6, பொருள் கையில் கிடைத்ததும் காசு என்பதால் 2 பார்சல் திரும்பி வந்தன. மிச்சம் 4, அதாவது ஒரு விற்பனைக்கு 3,750 ரூபா விளம்பரச் செலவு. இரண்டாவதில் ஓடர் 12, திரும்பியவை 2. ஒரு விற்பனைக்கு 1,500. சாரிக்கு 2,000 ரூபா லாபம் நிற்கும் கடை, முதலாவதில் ஒவ்வொரு சாரிக்கும் 1,750 ரூபா இழக்கிறது. விளம்பரப் பக்கத்தில் இது தெரியாது. பேரம் நடந்தது உங்கள் போனுக்குள், காசு வந்தது கூரியர் வழியாக. நீங்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

எந்த விளம்பரத்தில் வந்தார் என்று வாடிக்கையாளரைக் கேட்டு எழுதுவதும் பிழைக்கும், அவருக்கே நினைவிருக்காது. விளம்பரம் அமைக்கும்போது, முன்கூட்டியே நிரப்பி வைக்கும் மெசேஜில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடுங்கள்: “சாரி க1 விபரம் வேணும்”, “சாரி க2 விபரம் வேணும்” என்று. சிலர் அதை அழித்துவிட்டு “சலாம்” என்றோ “வணக்கம்” என்றோ தொடங்குவார்கள். அப்போது அரட்டையின் மேலே தெரியும் விளம்பரப் படத்தைப் பார்த்து உடனே லேபல் ஒட்டிவிடுங்கள். மாலையில் சேர்த்துச் செய்யலாம் என்று விட்டால், ஐம்பது அரட்டைகளுக்குள் தேட வேண்டிவரும்.

விளம்பரப் பக்கத்தில் Messaging conversations started என்று காட்டும் எண்ணை ஆட்களின் எண்ணிக்கையாக எடுக்காதீர்கள். ஏழு நாள் பேசாமலிருந்த ஒருவர் விளம்பரம் வழியாகத் திரும்பவும் எழுதினால் அதிலும் ஒன்று கூடும். கொப்பியில் ஒரு போன் நம்பருக்கு ஒரு வரி போதும்: முதல் மெசேஜ் வந்த திகதி, விளம்பரக் குறி, காசு கிடைத்த திகதி, தொகை.

முதல் திகதியை விடவே கூடாது. 18ஆம் திகதி விலை கேட்டவர் சம்பளம் எடுத்து 26ஆம் திகதி வாங்கினால், அந்த விற்பனை 18ஆம் திகதி ஓடிய விளம்பரத்தின் கணக்கில்தான் சேர வேண்டும். காசு வந்த நாளில் எழுதினால், அன்று ஓடும் வேறொரு விளம்பரம் பெயரை வாங்கிவிடும். அதேபோல நேற்றுத் தொடங்கியதை இன்றைக்கே தோல்வி என்று மூடவும் வேண்டாம். பழைய வரிகளில் இரண்டு திகதிகளுக்கும் இடையே வழக்கமாக எத்தனை நாள் விழுகிறது என்று பாருங்கள். அத்தனை நாள் கழிந்து, கூரியரில் திரும்பியவற்றையும் வெட்டிய பிறகு, விளம்பரச் செலவை மிச்ச விற்பனைகளால் பிரித்துப் பாருங்கள்.