துக்க வீட்டில் சொல்லக்கூடாத 'வரேன்', நோயாளியிடம் சொல்லியே ஆகவேண்டிய 'வரேன்'

ஐப்பசியில் பெரியப்பா காலமானார். உங்களுக்கு லீவு கிடைத்ததோ தைப் பொங்கலுக்குத்தான். மன்னார்குடிப் பக்கம் அந்த வீட்டுக்குப் போகிறீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாதங்கள் ஓடியிருக்கலாம். ஆனாலும் சாவுக்குப் பிறகு நீங்கள் அந்த வாசலை மிதிப்பது முதல் தடவை என்றால், அது துக்கம் விசாரிக்கப் போவதுதான். ஊருக்கு வந்த சந்தோஷத்தில் "பெரியம்மா, எப்படி இருக்கீங்க!" என்று சிரித்துக்கொண்டு நுழைந்தால் அவர் மனசு நொந்துபோகும்.

செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். சனிக்கிழமை ஆகாது என்பவர்களும் உண்டு. உள்ளூர் உறவினர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூ, பழம், இனிப்பு எதுவும் வேண்டாம். பெட்டியில் இருக்கும் சாக்லேட்டையும் சேலையையும் இன்னொரு நாள் போய்க் கொடுக்கலாம்.

உள்ளே போகும்போது வணக்கம் சொல்லக்கூடாது. அவர்களும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். அதை மனக்குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரே பெரியம்மாவிடம் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஆண்கள் அண்ணன் தம்பியின் கைகளைப் பிடித்துக்கொண்டால் போதும், பேச்சே தேவையில்லை. சற்றுப் பொறுத்து "கடைசில என்ன ஆச்சு பெரியம்மா?" என்று கேளுங்கள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து அவர் சொல்லத் தொடங்குவார். போனில் எல்லாம் கேட்டதாகவே இருந்தாலும் "தெரியும்" என்று குறுக்கிடாதீர்கள். அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளத்தான் அவருக்கு ஆள் வேண்டியிருக்கிறது. "அழாதீங்க" என்றும் தடுக்க வேண்டாம். காப்பி கொடுத்தால் குடியுங்கள்.

கிளம்பும்போதுதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். "போயிட்டு வரேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். துக்கத்துக்காக இன்னொரு தடவை அந்த வீட்டுக்கு வரும்படி ஆகக்கூடாது என்பதால் அங்கே அந்தச் சொல் ஆகாது. சொல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். யாரும் வாசல்வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள். அங்கிருந்து நேரே இன்னொரு வீட்டுக்குப் போகாமல், தங்கியிருக்கும் இடத்துக்கு வந்து குளித்துவிடுங்கள்.

தலைத்திவசம் முடியும்வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை. பங்காளி வீடுகளிலும் பொங்கல் வைக்காமல் இருக்கலாம். அதனால் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பும் வாட்ஸ்அப் வாழ்த்திலிருந்து அவர்கள் எண்களை எடுத்துவிடுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்க்கப் போனால் முறை வேறு. நோய் என்னவென்று அவருக்கே சொல்லாமல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வாசலிலேயே மகனையோ மருமகளையோ தனியே கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். "இளைச்சுட்டீங்களே மாமா" வேண்டாம், "சாப்பாடு இறங்குதா? ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். பழம் வாங்குமுன் சர்க்கரை உண்டா என்று விசாரியுங்கள். பத்து நிமிஷம் போதும். இங்கே "வரேன் மாமா" என்று சொல்லாமல் கிளம்பவே கூடாது. அடுத்து எப்போது வருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வந்து பாக்குறேன்."