கொல்லிமலை பஸ்ஸில் ஏறும் முன் மாத்திரை

காரவள்ளியைத் தாண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, குமட்டல் வந்த பிறகு மாத்திரை போட்டால் பெரும்பாலும் அதுவே வாந்தியில் வெளியே வந்துவிடும். வயிறும் அந்த நேரத்தில் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. பஸ் காலை 8 மணிக்கு என்றால் 6 முதல் 7 மணிக்குள் விழுங்கிவிடுங்கள்.

கடையில் பொதுவாக 'வாந்தி மாத்திரை' என்று கேட்காதீர்கள். டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் போன்றவை பயண வாந்திக்கு அவ்வளவாக உதவுவதில்லை. இங்கே தொல்லை தொடங்கும் இடம் வயிறு அல்ல, உட்காது. அதற்குரியது புரோமெத்தசின் வகை. பெரியவர்களுக்குப் புரோமெத்தசினின் வழக்கமான அளவு 25 மில்லிகிராம்.

இது நன்றாகத் தூக்கம் வரவழைக்கும். தூக்கக் கலக்கம் மாலை வரைகூட நீளலாம். மலையில் இறங்கியதும் இருசக்கர வாகனம் ஓட்டும் எண்ணம் இருந்தால் போடவே வேண்டாம். மதுவும் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இரண்டு வயதுக்குள் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுக்காமல், எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு கேளுங்கள். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாகப் படபடப்பாகி அழுவார்கள். அப்படியானால் அடுத்த வேளை கொடுக்காதீர்கள்.