குழுக் கடனா, வங்கிக் கடனா: உண்மையான ஆண்டு வட்டியைக் கணக்கிடுவது எப்படி?

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, சென்ற மாதம் இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஒன்று, அவருடைய மகளிர் குழுவுக்குக் கடன் தரும் நுண்கடன் நிறுவனம் கொடுத்தது. மற்றொன்று, துறைமுகப் பக்கம் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் அவர் கணவரின் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் எழுதி வாங்கிய தனிநபர் கடன் விவரம். இரண்டும் 40,000 ரூபாய்க் கடன்தான். இரண்டுக்கும் 24 தவணைகள்தான்.

"தம்பி, பேங்க்ல பதினாலு பர்சென்ட்னு சொல்றாங்க. குழுவுல நானே கணக்குப் போட்டேன், பதிமூணரை கூட வரல. அப்போ குழுவுலயே வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர் போட்ட கணக்கு இது. குழுக் கடனுக்கு மாதத் தவணை 2,115 ரூபாய். 24 மாதத்துக்கு 50,760 ரூபாய். வாங்கிய 40,000-ஐக் கழித்தால் 10,760 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 5,380 ரூபாய். அதாவது 40,000-க்கு 13.45 சதவீதம். பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் விடை தவறானது; அதுவும் பாதிக்குப் பாதி தவறானது. இந்த ஒரு தவறு எங்கே நிகழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், மீதிப் படிகள் அனைத்தும் எளிதாகிவிடும்.

முதல் படி: எந்தத் தொகைக்கு வட்டி என்று பாருங்கள்

அக்காவின் கணக்கு, 40,000 ரூபாய் முழுவதும் இரண்டு ஆண்டுகள் அவர் கையிலேயே இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் தவணையிலிருந்தே அசல் குறையத் தொடங்கிவிடுகிறது. நுண்கடன் நிறுவனம் தந்த தாளில் வட்டி 24 சதவீதம், அதாவது மாதத்துக்கு 2 சதவீதம், குறையும் அசலின் மீது என்று அச்சிட்டிருந்தது. அதன்படி முதல் மாத வட்டி 800 ரூபாய். தவணையில் எஞ்சும் 1,315 ரூபாய் அசலுக்குப் போகிறது. அடுத்த மாதம் பாக்கி 38,685 ரூபாய். அதற்கு வட்டி சுமார் 774 ரூபாய். இப்படியே இறங்கி, ஓராண்டு முடியும்போது அவர் தர வேண்டிய அசல் ஏறத்தாழ 22,360 ரூபாய்தான். அந்த நிலையிலும் 40,000-ஐ வைத்தே வகுத்ததால்தான் 24 சதவீதம் 13.45 போலத் தெரிந்தது. நம் பக்கத்தில் தவணைக் கடனுக்கு மாதம் "நூத்துக்கு ஒரு ரூபா வட்டி" என்று சொல்லும்போதும் பல நேரம் இதே கதைதான்: திருப்பிக் கட்டிய பணத்துக்கும் கடைசி வரை வட்டி கணக்காகும்.

வங்கி சொல்லும் 14 சதவீதமோ குறையும் அசலுக்கான விகிதம். ஆகவே அக்கா ஒப்பிட்ட இரண்டு எண்களும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல.

இரண்டாம் படி: மூன்று எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

முதல் எண், உங்கள் கைக்கு வந்த பணம். தவணைகளைக் குறித்துத் தரும் கடன் அட்டையில் கடன் தொகை என்று இருப்பதை எழுதாதீர்கள். அக்காவுக்கான தாளில் செயலாக்கக் கட்டணம் 400 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 72 ரூபாய், அவருக்கும் கணவருக்கும் கடன் காப்பீடு 800 ரூபாய் எனப் பிடித்தம் காட்டியிருந்தார்கள். ஆகக் கணக்கில் வரப்போவது 38,728 ரூபாய். வட்டியோ 40,000-க்கு. இந்த 1,272 ரூபாயும் கடனுக்கான விலைதான். அதை வட்டி என்று அழைக்கவில்லை என்பதால் அது விலையில்லாமல் போகாது. குழு லீடருக்கோ வேறு யாருக்கோ ரசீது இல்லாமல் ஏதேனும் கொடுக்கச் சொன்னால் அதையும் கழித்து எழுதுங்கள். அந்தத் தொகை எந்தத் தாளிலும் வராது. உங்கள் கணக்கில் மட்டும்தான் வரும்.

இரண்டாவது எண், ஒரு தவணையின் தொகை: 2,115 ரூபாய்.

மூன்றாவது, தவணைகளின் எண்ணிக்கையும் இரண்டு தவணைகளுக்கு இடையே உள்ள நாட்களும். இங்கே அவசரப்படாதீர்கள். சில நிறுவனங்கள் வாரம் ஒருமுறையும், சில 14 நாளுக்கு ஒருமுறையும், சில 28 நாளுக்கு ஒருமுறையும் டியூ வாங்குகின்றன. 28 நாள் என்பதைப் பேச்சில் எல்லோரும் "மாசா மாசம்" என்றே சொல்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 12 மாதம் இருக்க, 28 நாள் சுற்று 13 முறை வருகிறது. அட்டையில் உள்ள முதல் நான்கைந்து தேதிகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்: தேதி ஒவ்வொரு முறையும் முன்னே நகர்ந்துகொண்டே வந்து, கிழமை மட்டும் மாறாமல் இருந்தால் அது 28 நாள் கணக்கு. அக்காவின் தாளில் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி என்று இருந்ததால், அவருடையது ஆண்டுக்கு 12 தவணைக் கணக்குதான்.

மூன்றாம் படி: கைபேசியில் ஒரே வரி

கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் செயலியைத் திறந்து, ஒரு காலிக் கட்டத்தில் இதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள்:

```
=RATE(24,-2115,38728)*12
```

அடைப்புக்குறிக்குள் முதலில் தவணைகளின் எண்ணிக்கை, அடுத்து தவணைத் தொகை, கடைசியில் கைக்கு வந்த பணம். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பது, அந்தப் பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது என்பதைக் காட்டத்தான். அதை விட்டுவிட்டால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். எண்களுக்கு நடுவே ஆயிரத்துக்கான காற்புள்ளியும் போடக்கூடாது. 38,728 என்று எழுதினால் செயலி அதை 38 என்றும் 728 என்றும் இரண்டு எண்களாகப் பிரித்துக்கொள்ளும்.

விடை 0.2746 என்றோ, 27% என்றோ தெரியலாம், இரண்டும் ஒன்றே. அதாவது உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 27.5 சதவீதம். அச்சிட்டிருந்த 24-க்கும் இதற்கும் உள்ள மூன்றரை சதவீத இடைவெளி முழுவதும் அந்த 1,272 ரூபாய்ப் பிடித்தத்தால் வந்தது.

கடைசியில் உள்ள 12, ஆண்டுக்கு எத்தனை தவணை என்பதைக் குறிக்கிறது. வாரத் தவணை என்றால் அந்த இடத்தில் 52, 14 நாள் என்றால் 26, 28 நாள் என்றால் 13 போட வேண்டும். அக்காவின் இதே எண்கள் 28 நாள் சுற்றில் இருந்திருந்தால் விடை 29.7 சதவீதமாகியிருக்கும். தவணைத் தொகையில் ஒரு ரூபாய் கூட மாறாமல் வட்டி இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறுவதால்தான் தேதிகளைப் பார்க்கச் சொன்னேன்.

நான்காம் படி: வங்கிக் கடனையும் அதே தராசில் வையுங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். குழுக் கடனுக்கு மட்டும் பிடித்தங்களைச் சேர்த்துவிட்டு, வங்கிக்கு அது சொன்ன 14-ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அது நியாயமான ஒப்பீடு ஆகாது. அக்காவின் கணவருக்கு வங்கி எழுதிக் கொடுத்தது மாதம் 1,921 ரூபாய், 24 மாதம். செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். கைக்கு வருவது 39,410 ரூபாய்.

```
=RATE(24,-1921,39410)*12
```

விடை ஏறத்தாழ 15.5 சதவீதம். சிறிய கடனுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று வங்கி ஒரு நிலையான தொகையை வாங்கும்போது இப்படித்தான் விகிதம் ஏறும். கடன் சிறிதாக ஆக, ஏற்றம் கூடும்.

ஆக, ஒப்பிட வேண்டியது 13.45-ஐயும் 14-ஐயும் அல்ல, 27.5-ஐயும் 15.5-ஐயும். ரூபாயில் சொன்னால், குழுக் கடனில் கைக்கு வந்ததற்கு மேல் 12,032 ரூபாய் கட்ட வேண்டும். வங்கிக் கடனில் 6,694 ரூபாய். வித்தியாசம் 5,338 ரூபாய். அக்கா இந்த எண்ணைப் பார்த்ததும், "இது ரெண்டு மாச கடை வாடகைப்பா" என்றார்.

கைபேசி இல்லாதபோது பென்சிலால் போட ஒரு தோராய வழி உண்டு. மேலதிகமாகக் கட்டும் தொகையை 24-ஆல் பெருக்கி, கைக்கு வந்த பணத்தையும் தவணை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய எண்ணையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். மாதத் தவணைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். இங்குள்ள 24, பன்னிரண்டு மாதத்தின் இரு மடங்கு, தவணை எண்ணிக்கை அல்ல. அக்காவின் குழுக் கடனுக்கு இது 29.8 சதவீதம் என்றும், வங்கிக் கடனுக்கு 16.3 என்றும் காட்டுகிறது. உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். எது மலிவு என்று பார்க்கப் போதும். நிறுவனத்திடம் வாதிடப் போதாது.

ஐந்தாம் படி: தாளில் அச்சிட்ட எண்ணோடு சரிபாருங்கள்

ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, ஆண்டுக் குடும்ப வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈடு இல்லாமல் தரும் கடன் நுண்கடன் ஆகும். அதற்கான விலை விவரத்தை ஒரு தனித்தாளில் கொடுக்க வேண்டும். கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். வங்கிகளின் சில்லறைக் கடன்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற விவரத் தாள் கட்டாயம். இரண்டிலும் வட்டி விகிதம் ஓரிடத்திலும், ஏபிஆர் எனப்படும் ஆண்டு சதவீத விகிதம் வேறிடத்திலும் இருக்கும். உங்கள் விடையை ஏபிஆரோடுதான் ஒப்பிட வேண்டும்.

தசமப் புள்ளிக்குப் பின் சிறிய வேறுபாடு இருந்தால் கவலையில்லை. கடன் தந்த நாளுக்கும் முதல் தவணைக்கும் இடையிலான நாட்கள் அப்படி மாற்றும். இரண்டு மூன்று சதவீதம் உங்கள் விடை கூடுதலாக இருந்தால், ஏதோ ஒரு பிடித்தம் தாளில் ஏறாமல் உங்கள் பணத்திலிருந்து போயிருக்கிறது என்று பொருள். வங்கிக் கணக்கில் வரவான தொகையைக் காட்டி, எந்தத் தொகை எதற்காகக் கழிந்தது என்று கிளை அலுவலரிடம் வரிவரியாகக் கேளுங்கள். காப்பீடு போன்றவற்றை உங்கள் முழுச் சம்மதத்தோடு மட்டுமே சேர்க்க முடியும். நுண்கடனுக்கு முன்வைப்புத் தொகை என்று எதையும் பிடித்துவைக்கக் கூடாது.

இந்த விகிதத்துக்குள் அடங்காத இரண்டு உண்டு. குழுவில் ஒருவர் டியூ கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட நேரிடுவது ஒன்று. தவணை கட்டக் குழுவினர் கூடும் சென்டர் மீட்டிங்கில் போகும் வேலை நேரம் மற்றொன்று. மறுபுறம், சம்பளச் சீட்டு இல்லாத பெண்ணுக்கு வங்கியின் 15.5 சதவீதம் தாளில் மட்டுமே இருக்கும் விகிதம். அக்காவுக்கே கணவரின் கணக்கு வழியாகத்தான் அது கிடைத்தது. கடனும் கணவரின் பெயரில்தான் வரும்.

வங்கி மறுத்து, குழுக் கடனையே எடுக்க நேர்ந்தால், இடையில் பணம் சேரும்போது முன்கூட்டியே முடிக்கலாம். நுண்கடனுக்கு அதற்காக அபராதம் வாங்கக் கூடாது. பன்னிரண்டாவது தவணை கட்டிய நாளில் முடிக்க எவ்வளவு என்று கேட்டால், சுமார் 22,360 ரூபாய் என்று சொல்ல வேண்டும். மீதி 12 தவணையையும் கூட்டி 25,380 ரூபாய் என்று சொன்னால், இன்னும் பிறக்காத மாதங்களுக்கும் வட்டி கேட்கிறார்கள். அட்டையில் பன்னிரண்டாவது வரிசையில் உள்ள பாக்கி அசலைக் காட்டி, அந்தத் தொகைக்கே ரசீது கேளுங்கள்.